வங்கி மாற்றிய செலவு எந்த மாதம் திரும்பி வரும்?

"சார், உங்க ஹோம் லோனுக்கு ஒன்பது பர்சென்ட் கட்டுறீங்க. எங்க பேங்க்ல எட்டேகால்தான். மாத்திக்கிட்டா மாசம் ஆயிரத்து முந்நூறு ரூபா மிச்சம். ஃபார்ம் அனுப்பட்டுமா?"

வீட்டுக்கடன் வாங்கிச் சில வருடம் ஆனவர்களுக்கு இப்படி ஒரு ஃபோன் வராமல் இருக்காது. பேசுகிறவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. வட்டி குறைவுதான், மிச்சமும் உண்மைதான். அந்த மிச்சத்தைப் பெற முதலில் எவ்வளவு கட்ட வேண்டும், கட்டியது எந்த மாதம் கைக்குத் திரும்பும் என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார். அது அவர் வேலையும் இல்லை. கணக்கு நாம் போட வேண்டியது.

ஒரே ஊரில், ஒரே மாதிரி வீட்டுக்கு, ஒரே சம்பளக்காரருக்கு ஏன் இரண்டு வட்டி? 2019 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைத்தே தீர வேண்டும். ரெப்போவின் மேல் வங்கி தன் பங்காக ஒரு கூடுதல் வைக்கும். ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் மூன்று மாதத்துக்குள் நம் வட்டியும் அசையும். ஆனால் அந்தக் கூடுதல் நாம் கடன் வாங்கிய அன்று போட்டது. போட்டி முற்றும்போது புது வாடிக்கையாளருக்கு வங்கி கூடுதலைக் குறைத்துக் கொடுக்கும். பழையவருக்கு, அவராகக் கேட்காதவரை, பழையதே நீடிக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ரெப்போ 6.50 சதவீதத்திலிருந்து 5.50க்கு இறங்கியபோது பலர் இதைக் கண்டார்கள். தங்கள் வட்டியும் குறைந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் கடன் அதைவிடக் குறைவாக இருந்தது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களில் வாங்கியவர்கள் பாடு இன்னும் மோசம். இந்த ரெப்போ இணைப்பு விதி அவற்றுக்குக் கிடையாது. தாங்களே நிர்ணயிக்கும் அடிப்படை விகிதத்தை வைத்துத்தான் அவை வட்டி போடுகின்றன.

இனி கணக்கு. திருச்சியில் வீடு, கடனில் மீதி அசல் 30 லட்சம், இன்னும் 15 வருடம், அதாவது 180 தவணை பாக்கி, வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 30,428 ரூபாய். புது வங்கி 8.25 சதவீதம் தருகிறது.

மாறுவதற்கு என்ன செலவாகும்? பலரும் முதலில் பயப்படுவது பழைய வங்கி போடும் அபராதத்துக்கு. அந்தப் பயம் வேண்டாம். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே முடிக்கும்போது வங்கிகள் அபராதம் வசூலிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. பணம் வேறு இடங்களில் போகிறது. புது வங்கியின் பிராசசிங் ஃபீஸ் கால் சதவீதம் என்றால் 7,500. 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 8,850. பத்திரங்களைப் பார்த்து வழக்கறிஞர் தரும் கருத்துரைக்கும், வீட்டை மதிப்பிட வரும் பொறியாளருக்கும் சேர்த்து ஒரு 6,000.

பெரிய செலவு சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருக்கிறது. பத்திரத்தைப் புது வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம், வங்கிக்காரர்கள் 'எம்ஓடி' என்று சொல்வது, மறுபடி பதிவாக வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு முத்திரைத்தீர்வை கடன்தொகையில் அரை சதவீதம், உச்சவரம்பு 30,000 ரூபாய். பதிவுக்கட்டணம் ஒரு சதவீதம், உச்சவரம்பு 6,000. நம் 30 லட்சத்துக்கு 15,000மும் 6,000மும் சேர்ந்து 21,000 ரூபாய். முதல் தடவை கடன் வாங்கியபோது இதைக் கட்டியிருப்பீர்கள். அன்றைய செலவுகளின் கூட்டத்தில் கண்ணில் பட்டிருக்காது. இதோடு பழைய வங்கியின் பெயர் வில்லங்கச் சான்றில் நிற்காமல் இருக்க ரசீது பத்திரம் பதிய வேண்டும். ஆவணம் எழுதுபவர் கூலியும் சேர்த்து அதற்கு ஒரு 2,500.

ஒரு செலவு எந்த ரசீதிலும் வராது. புது வங்கி பழைய வங்கியின் பெயருக்குக் காசோலை எழுதிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அந்தக் காசோலை போய்ச் சேர்ந்து, பணமாகி, பழைய கணக்கு மூடும்வரை அங்கேயும் வட்டி ஓடும். ஐந்து நாள் இழுத்தால் 3,700 ரூபாய்.

கூட்டினால் 42,050. வழக்கறிஞர், பொறியாளர், எழுத்தர் கூலி ஊருக்கு ஊர் மாறும். பத்திரப்பதிவுச் செலவு மட்டும் பேரம் படியாது. ஃபோனில் 'பிராசசிங் ஃபீஸ் ஜீரோ' என்று சொல்வார்களே, அதை இந்தத் தொகையோடு வைத்துப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது.

இப்போது, இது எப்போது திரும்பும்? எல்லோரும் போடும் வகுத்தல் இது: புதுத் தவணை 29,104; பழையதைவிட 1,324 குறைவு; 42,050ஐ 1,324ஆல் வகுத்தால் 32 மாதம். மோசமான கணக்கு என்று சொல்லமாட்டேன், ஆனால் பாதியைத்தான் அது பார்க்கிறது. வட்டி குறையும்போது தவணை குறைவதோடு, அதே தவணைக்குள் அசலுக்குப் போகும் பங்கும் கூடுகிறது. அந்தக் கூடுதல் கையில் தெரியாது, கடன் மீதியில் இருக்கும். அதனால் தவணையை விட்டுவிட்டு வட்டியைப் பாருங்கள். 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 9 சதவீதத்தில் 22,500, 8.25இல் 20,625. முதல் மாத மிச்சம் 1,875 ரூபாய்.

எனவே நான் பரிந்துரைக்கும் வகுத்தல் இது: மொத்தச் செலவு ÷ (மீதி அசல் × வட்டி வித்தியாசம் ÷ 12). நம் கணக்கில் 42,050 ÷ 1,875, ஏறக்குறைய 22 மாதம். ஃபோனை வைத்தவுடன் ஒரு துண்டுச்சீட்டில் போட்டுவிடலாம்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. அந்த 42,050 ரூபாயைப் பழைய கடனிலேயே அசலில் கட்டியிருந்தால் அதுவும் வட்டியை மிச்சம் பிடித்திருக்கும் அல்லவா? அந்த வழியையும் மாறும் வழியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, இரண்டிலும் தவணையை 30,428லேயே வைத்து, எந்த மாதம் புது வங்கிக் கடனின் மீதி கீழே போகிறது என்று பார்த்தால் 26ஆம் மாதம் வருகிறது. இதுதான் நேர்மையான சமன்புள்ளி. இரண்டு வருடம், இரண்டு மாதம். இன்னும் 15 வருடம் பாக்கி இருக்கும் கடனுக்கு இது நல்ல எண். பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால் ஏறக்குறைய 15 தவணை முன்னதாகவே கடன் முடிந்துவிடும்.

அப்படியானால் மாறிவிடலாமா? பொறுங்கள். இந்த நல்ல எண்ணைக் கெடுக்க இரண்டு வழி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, இதைவிட நல்ல எண் ஒன்று உங்கள் பழைய வங்கியிலேயே இருக்கலாம்.

முதல் வழி, தவணைக்காலம். புது வங்கியில் விண்ணப்பம் நிரப்பும்போது, "இருபது வருஷமாப் போட்டுடலாம் சார், இஎம்ஐ நல்லா இறங்கும்" என்பார்கள். நல்லாவே இறங்கும். 30 லட்சத்துக்கு 8.25 சதவீதத்தில் 20 வருடம் என்றால் தவணை 25,562. மாதம் 4,866 ரூபாய் குறைவு. செலவை இதனால் வகுத்தால் ஒன்பதே மாதத்தில் எல்லாம் திரும்பிவிடும் போலத் தோன்றும். ஆனால் பழைய கடனில் இன்னும் கட்ட வேண்டியது மொத்தம் 54.77 லட்சம். புதியதில் 61.35 லட்சம். வட்டி குறைந்த பிறகும் ஆறரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறீர்கள்; மாற்றிய செலவு அதற்கு மேல். கைச்செலவுக்கு மாதம் பணம் தேவை என்று தெரிந்தே நீட்டுவது வேறு விஷயம். அதை லாபம் என்று எண்ணித்தான் நீட்டக்கூடாது. மீதி 180 மாதம் என்றால் புதுக் கடனும் 180 மாதம், அல்லது அதற்குள்.

இரண்டாவது வழி, காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் பாலிசி என்று ஒன்றை விண்ணப்பத்தோடு சேர்த்து நீட்டுவார்கள். பிரீமியத்தையும் கடன்தொகையிலேயே ஏற்றிவிடுவதால் கையிலிருந்து ரூபாய் போகாது, வலிக்காது. 60,000 ரூபாய் பிரீமியம் என்றால் நம் செலவு 1,02,050 ஆகிறது. துண்டுச்சீட்டுக் கணக்கில் 22 மாதம் 54 மாதமாகிவிடும். காப்பீடு தேவைப்படுகிறவர்கள் தனியாக டேர்ம் பாலிசி எடுத்துக்கொள்ளலாம். மாற்றும் செலவோடு அது கலந்தால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

இனி பழைய வங்கி. மாறுவதாக முடிவு செய்து, கணக்கு முடிக்கும் கடிதம் கேட்டுக் கிளைக்குப் போகிறீர்கள். அதுவரை கண்டுகொள்ளாத அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்து உட்காருவார். "ஏங்க மாத்துறீங்க? நம்மகிட்டயே ரேட் கன்வெர்ஷன் இருக்கே. எட்டரைக்குக் கொண்டுவரலாம். ஐயாயிரம் ப்ளஸ் ஜிஎஸ்டி கட்டுங்க, போதும்." இதை ஏன் நாமாகக் கேட்கும்வரை சொல்லவில்லை என்ற எரிச்சல் நியாயமானதுதான். இப்படிக் குறைப்பது அவர் தயவும் அல்ல. பழைய வாடிக்கையாளரின் கூடுதலை வங்கி குறைத்துக்கொள்ள விதிமுறையே இடம் தருகிறது.

கணக்கைப் பாருங்கள். 9லிருந்து 8.5க்கு இறங்கினால் முதல் மாத வட்டி மிச்சம் 1,250. கட்டணம் ஜிஎஸ்டியோடு 5,900. ஐந்து மாதத்துக்குள் திரும்பிவிடும். பத்திரம் நகராது, வில்லங்கம் மாறாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கவும் வேண்டாம்.

"ஆனாலும் 8.25 இன்னும் குறைவுதானே?" என்பீர்கள். ஆம். ஆனால் இப்போது கேள்வி மாறிவிட்டது. 9 சதவீதத்தில் இருப்பதா, 8.25க்குப் போவதா என்பதல்ல இனிக் கேள்வி. 8.5 கையில் கிடைக்கிறது. அதற்கும் கீழே ஒரு கால் சதவீதத்துக்காக எவ்வளவு கூடுதலாகச் செலவழிக்கிறோம் என்பதுதான். கூடுதல் செலவு 42,050இல் 5,900 போக 36,150. கூடுதல் மிச்சம் முதல் மாதம் 625 ரூபாய். வகுத்தால் 58 மாதம், ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவு. நேர்மையான கணக்கை, அதாவது அந்த 36,150ஐ 8.5 சதவீதக் கடனில் அசலாகக் கட்டியிருந்தால் என்ற ஒப்பீட்டைப் போட்டால், எட்டு வருடம் தாண்டித்தான் புது வங்கி முந்துகிறது. இரண்டு வழியிலும் கடன் பதினான்கு வருடத்துக்குள் முடிகிறது. முடியும்போது வங்கி மாறியவருக்கு மிஞ்சுவது ஒரு மாதத் தவணைகூட முழுசாகத் தேறாது.

26 மாதம் என்று பார்த்த அதே மாற்றம்தான், எட்டு வருடமாகிவிட்டது. வட்டியோ கட்டணமோ மாறவில்லை, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மட்டும்தான் மாறியது. ஃபோனில் பேசுகிறவர் எப்போதும் நீங்கள் இன்று கட்டும் வட்டியோடுதான் ஒப்பிடுவார். நீங்கள் உங்கள் வங்கி கேட்டால் தரக்கூடிய வட்டியோடு ஒப்பிட வேண்டும். பழைய வங்கி ஒரு அடிகூட இறங்கவில்லை என்றால் பழைய எண்ணே செல்லும், தாராளமாக மாறலாம்.

இன்னொரு கோடியில் இருப்பவர்கள் கடனை ஏறக்குறைய முடித்துவிட்டவர்கள். மீதி 8 லட்சம், நான்கு வருடம் பாக்கி, அதே 9க்கும் 8.25க்கும் இடையிலான வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஓடிக்கு மட்டும் 10,000 ஆகும். வழக்கறிஞர், மதிப்பீடு, எழுத்தர் கூலி கடன் சிறியது என்பதற்காகக் குறையாது. எல்லாம் சேர்த்து 22,000 என்று வைக்கலாம். முதல் மாத மிச்சம் 500 ரூபாய். துண்டுச்சீட்டுக் கணக்கு 44 மாதம் என்கிறது, கடனோ 48 மாதம். நாலு மாத லாபம் இருக்கிறதே என்று தோன்றும். உண்மையில் இல்லவே இல்லை. அசல் வேகமாகக் கரைவதால் 500 என்ற மிச்சமும் மாதாமாதம் கரைந்துகொண்டே வரும். தவணை 19,908லிருந்து 19,624க்கு இறங்குகிறது. 284 ரூபாய் வீதம் 48 மாதத்துக்கு மொத்த மிச்சம் 13,632. செலவு 22,000. இந்தக் கடனுக்குச் சமன்புள்ளியே கிடையாது. துண்டுச்சீட்டுக் கணக்கில் வரும் மாதம் மீதிக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே அதை நம்பாமல், இரண்டு கடனின் தவணை அட்டவணைகளையும் கேட்டு வாங்கி மீதி அசலை மாதம் மாதமாக ஒப்பிடுங்கள்.

கடன் எத்தனை வருடம் என்பதைவிட, நீங்கள் எத்தனை வருடம் அதை வைத்திருப்பீர்கள் என்பதும் முக்கியம். இரண்டு வருடத்தில் ஓய்வுபெற்று வரும் பணத்தில் அடைத்துவிடப் போகிறவருக்கு, அல்லது வீட்டை விற்கும் எண்ணத்தில் இருப்பவருக்கு, 26 மாதச் சமன்புள்ளி நஷ்டம்தான். வித்தியாசம் நிலைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு வங்கியும் ரெப்போவோடு இணைந்திருந்தால் ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே அசையும், முக்கால் சதவீத இடைவெளி அப்படியே இருக்கும். ஆனால் புது இடம் தன் சொந்த அடிப்படை விகிதம் வைத்திருக்கும் நிதி நிறுவனம் என்றால், அல்லது 8.25 என்பது முதல் வருடச் சலுகை வட்டி என்றால், 26 மாதம் அந்த இடைவெளி தாங்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அனுமதிக் கடிதத்தில் அளவுகோலின் பெயரும் அதற்கு மேல் கூடுதல் எத்தனை என்பதும் தனித்தனியாக எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் '8.25 சதவீதம்' என்று மட்டும் இருந்தால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாறுவது என்று முடிவானால் ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. கடன் முழுவதும் அடைந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பழைய வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்தாக வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி உத்தரவு இது. கணக்கை முடிக்கும் முன்பே, உங்கள் பெயரில் வங்கியிடம் இருக்கும் ஆவணங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, உங்களிடம் உள்ள நகல்களோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மூலப்பத்திரம் ஒன்று காணவில்லை என்பது அப்போது தெரிந்தால் சமாளிக்கலாம். புது வங்கி காசோலை எழுதிய பிறகு தெரிந்தால் இரண்டு வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் ஃபோனில் வந்தவருக்கு ஆம் என்று சொல்வதற்கு முன் உங்கள் கிளைக்கு நாலு வரி எழுதுங்கள்: என் கடனின் இன்றைய மீதி அசல் எவ்வளவு, மீதித் தவணை எத்தனை, புது வாடிக்கையாளருக்கு இன்று தரும் வட்டி என்ன, என்னை அதற்கு மாற்றக் கட்டணம் எவ்வளவு. வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பதில் வந்த பிறகு வகுத்தல் போட ஐந்து நிமிடம்தான் ஆகும்.